அறிவிப்பும் அயலாரும்

ஒரு மொழியில் சொன்னதை மற்றொரு மொழியில் சொல்பவன் யாருக்கு உண்மையாக இருத்தல் வேண்டும்? எழுதியவருக்கா, படிப்பவருக்கா? காவியங்களை மொழிபெயர்க்கும் அறிஞர்களுக்கே உரிய வினா இது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நாட்டுப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் இவ்வினா உண்டு. அவனிடம் காவியம் வருவதில்லை; அறிவிப்புதான் வருகிறது. "சார், இதைக் கொஞ்சம் மலாயில் எழுதிக் கொடுங்கள், நாளைக்கு ஒட்ட வேண்டும்" என்று ஆலயத் திருவிழாக் குழுவினர் ஒரு தாளை நீட்டுவர். அத்தாளில் ஏழெட்டு வரிகளே இருக்கும். அந்த ஏழெட்டு வரிகளுக்குள் நான் பட்ட இடர்களையும், அவற்றால் கற்றுக்கொண்டதையும் தமிழாசிரியர்களுக்கும் பயிற்சி மாணவர்களுக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் வாழும் ஊர் கெடா மாநிலத்தின் கூலிம் மாவட்டத்தைச் சேர்ந்த கரங்கான். இவ்வூர்ப் பெயரிலேயே மொழிபெயர்ப்பின் முதற் சிக்கல் இருக்கிறது. மலாய்க்காரர் இப்பெயரைச் சொல்லும்போது நடுவில் வருவது மூக்கொலியாகிய ங மட்டுமே. அதன்பின் ககர ஒலி இல்லை. நம் எழுத்திலோ ங என்னும் மெய் தன் இனமாகிய ககரத்தைத் துணைக்கழைக்காமல் சொல்லின் நடுவே வருவது அரிது. ஆகவே நாம் 'கரங்கான்' என எழுதி, இல்லாத ஓர் ஒலியைச் சேர்த்தே படிக்கிறோம். மறுபுறம், நாம் பொங்கல் என்பதை ரூமி எழுத்தில் ஒரே ஒரு 'ஜி' இட்டு எழுதிக் கொடுத்தால், மலாய்ப் பிள்ளை அதைக் ககரம் இல்லாமல் மூக்கொலியாகவே படிக்கும். அவர்கள் முறைப்படி இரண்டு 'ஜி' இட்டால்தான் நம் ஒலி கிடைக்கும். (மலாயில் 'காராஙான்' என்னும் சொல்லுக்குக் கட்டுரை என்றும் பொருளுண்டு. கட்டுரை என்னும் பெயருடைய ஊரிலிருந்து கட்டுரை எழுதுகிறேன் என்று மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.)

இச்சிறு ஒலி வேறுபாடுகள் பெயர்களைச் சற்றே சிதைக்குமேயன்றிப் பெருந்தீங்கு செய்யா. தீங்கு வருவது, எழுத்தும் சொல்லும் சரியாகவே இருந்து, பொருள் மட்டும் வழுவிப்போகும் இடத்தில்தான். அத்தகைய பிழையொன்றை நானே செய்திருக்கிறேன்.

பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த இரண்டாம் ஆண்டு. ஒரு தோட்டத்து மாரியம்மன் ஆலயத்தின் இரதம் வெள்ளிக்கிழமை இரவு புறப்படுவதாக இருந்தது. செல்லும் பாதை மலாய்க் கம்பத்தின் ஓரமாகப் போகும் குறுகிய சாலை. அன்றிரவு சாலையோரம் வண்டிகளை நிறுத்தாதிருக்குமாறு அக்கம்பத்தாரைக் கேட்டுக்கொள்ளும் அறிவிப்பை நான்தான் மலாயில் எழுதினேன். இரவு என்பதற்கு 'மாலாம்', வெள்ளிக்கு 'ஜுமாஅத்'. இரண்டையும் சேர்த்து 'மாலாம் ஜுமாஅத்' என்று எழுதினேன். அகராதியைப் பார்த்தால் இரண்டு சொல்லும் சரியே. ஆனால் இசுலாமிய வழக்கில் நாள் என்பது கதிரவன் மறையும்போதே தொடங்கிவிடுகிறது. ஆகையால் மலாய்க்காரருக்கு 'மாலாம் ஜுமாஅத்' என்பது வெள்ளிக்கு முந்திய இரவு. நம் கணக்கில் வியாழக்கிழமை இரவு. கம்பத்து மக்கள் நல்ல மனத்தோடு வியாழனன்று தம் வண்டிகளையெல்லாம் சாலையிலிருந்து அகற்றி வைத்தனர், இரதம் வரவில்லை. மறுநாள் வெள்ளி, கெடாவில் வார விடுமுறை. உறவினர் பலரும் வந்திருந்தனர். சாலையின் இருபுறமும் வண்டிகள். இரதம் ஒன்றரை மணி நேரம் நின்றது. இளைஞர் சிலர் குரலை உயர்த்தினர். 'வேண்டுமென்றே செய்கிறார்கள்' என்று நம்மவர் சொன்னதும், 'சொன்ன நாளில் வராமல் நம்மை அலைக்கழித்தார்கள்' என்று அவர்கள் சொன்னதும் என் காதில் விழுந்தன. இரு சாராரும் பொய் சொல்லவில்லை. பிழை என் இரு சொற்களில் இருந்தது. அன்று முதல் எந்த அறிவிப்பிலும் 'ஹாரி ஜுமாஅத்' என்று நாளை முதலில் எழுதி, தேதியை இலக்கத்தில் இட்டு, அதன் பின்னரே '8.00 மாலாம்' என்று நேரத்தைத் தனியே குறிப்பிடுகிறேன். நாளையும் இரவையும் ஒரே தொடராக்குவதில்லை.

நேரத்தைப் பற்றிய மற்றொரு செய்தியும் உண்டு. திருவிழாக் குழுவினர் பெரும்பாலும் பழைய அறிவிப்பைப் பார்த்தே புதியதை எழுதுவர். 'மாலை 7 மணிக்குச் சுவாமி புறப்பாடு' என்னும் வரி தந்தை காலத்திலிருந்து மகன் காலத்திற்கு அப்படியே வரும். ஆனால் 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னோக்கி நகர்த்தப்பட்டது. அதற்கு முன் ஏழு மணி என்பது பெரும்பாலான மாதங்களில் கதிரவன் மறைந்துவிட்ட நேரம். இப்போதோ கெடாவில் கதிரவன் மறைவதே ஏறத்தாழ ஏழிலிருந்து ஏழே முக்காலுக்குள். அதாவது அந்தி வழிபாடாகிய மஃக்ரிப் தொழுகையின் நேரம். தமிழில் 'மாலை 7' என்று படிக்கும்போது இது கண்ணில் படுவதில்லை. மலாயில் எழுத முனையும்போது, ஏழு மணியைப் 'பெத்தாங்' என்பதா 'மாலாம்' என்பதா என்று கை தயங்கி நிற்கும். அத்தயக்கத்தில்தான், நாதசுவரமும் உறுமியும் தொழுகைக் கூடத்தைக் கடக்கும் வேளை எது என்பது எனக்குப் புலப்பட்டது. குழுவினரிடம் சொன்னேன், புறப்பாட்டை எட்டே கால் மணிக்கு மாற்றினர். மொழிபெயர்ப்பு மூலத்தையே திருத்தியது. இது மொழிபெயர்ப்பாளனின் வேலைதானா என்று கேட்போர் உண்டு. வேலையில்லைதான், ஆனால் அயலாரின் கண்ணால் அத்தாளை முதலில் படிப்பவன் அவன் ஒருவனே.

இனிச் சொற்களின் தரத்துக்கு வருவோம். அண்மையில் என்னிடம் வந்த தமிழ் அறிவிப்பில் இவ்வாறு இருந்தது: 'நம் ஆலயத் திருவிழாவை முன்னிட்டு இரதம் செல்லும் நம் சாலையில் யாரும் வாகனங்களை நிறுத்தக் கூடாது.' ஒரே வரி. இதில் 'கூடாது' என்னும் சொல்லை முதலில் பாருங்கள். தாய் மகனிடம் 'வெயிலில் போகக் கூடாது' என்பாள்; சட்டமும் 'நுழையக் கூடாது' என்னும். அறிவுரை, வேண்டுகோள், தடை மூன்றையும் இச்சொல் தாங்கும். தமிழர் படிக்கும்போது இடத்தை வைத்துப் பொருள் கொள்வர். மலாய் மொழி இவ்வசதியைத் தருவதில்லை. 'டிலாராங்' என்றால் அதிகாரமுடையவர் விதிக்கும் தடை. காவல் துறையும் நகராண்மைக் கழகமும் எழுதும் சொல். 'ஜாஙான்' என்றால் நேரே ஒருவரை நோக்கிச் சொல்லும் 'செய்யாதே'. 'ஹாராப்' என்றால் எதிர்பார்ப்போடு கூடிய வேண்டுகோள். 'மோஹோன்' என்றால் பணிந்து கேட்பது. இந்நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே தீர வேண்டும்.

தேர்ந்தெடுக்கும்போது, அதுவரை எவரும் கேளாத ஒரு வினா எழுகிறது: சாலையில் வண்டி நிறுத்துவதைத் தடுக்கும் அதிகாரம் ஆலயக் குழுவுக்கு உண்டா? இல்லை. ஊர்வலத்திற்குக் காவல் துறையின் இசைவு பெற்றிருக்கலாம். அவ்விசைவு நம்மைக் காவலர் ஆக்கிவிடாது. ஆகவே 'டிலாராங்' என்று எழுதினால், அது மொழிபெயர்ப்பில் நேர்ந்த கடுமை மட்டுமன்று. இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டும் பொய்யும் ஆகும். நான் 'மோஹோன் கெர்ஜாசாமா' எனத் தொடங்கி, ஒத்துழைப்பை வேண்டும் முறையில் எழுதினேன். குழுவின் செயலாளர் படித்துவிட்டு, "தமிழில் இவ்வளவு கெஞ்சவில்லையே, சார்" என்றார். அவர் சொன்னது உண்மை. தமிழில் அவர் அதட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. 'கூடாது' அவரை முடிவெடுக்கும் தொல்லையிலிருந்து காப்பாற்றியிருந்தது.

அறிவிப்பின் தலைப்பும் இத்தகையதே. நம் ஊர்களில் 'நோட்டிஸ்' என்னும் சொல் நாம் அனைவரும் அறிந்தது. தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த தாளுக்கும் நம் மக்கள் வைத்த பெயர் அதுவே. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் அச்சொல் எத்தனை குடும்பங்களின் நெஞ்சில் விழுந்தது என்பதை மூத்தோர் அறிவர். மலாயிலும் அதற்குச் சட்டத்தின் சாயல் உண்டு. தகவலுக்காக மட்டும் சொல்வதானால் 'மக்லுமான்' என்பது பொருந்தும். அவ்வாறே திருவிழா என்பதற்குப் 'பெஸ்தா' என்று எழுதுவோர் உளர். அது கேளிக்கைச் சந்தையின் பெயர். இராட்டினமும் மேடைப் பாட்டும் நினைவுக்கு வரும். 'உப்பாச்சாரா' என்றால் சடங்கு. நம் உபசாரத்தோடு உறவுடைய வடசொல். கோயிலைக் குறிக்கவோ நம் சொல்லே அங்கு இருக்கிறது: 'கோயில்' கடல் கடந்து மலாயில் 'குஇல்' ஆயிற்று. அதைத் தமிழெழுத்தில் திரும்ப எழுதப் புகுந்தால் குயிலாகிப் பறந்துவிடும்! 'தோக்கோங்' என்பது சீனர் ஆலயத்திற்கு வழங்குவது. 'ருமா பெர்ஹாலா' என்னும் பழந்தொடர் சிலைவீடு என்று பொருள்பட்டு நம்மை இழிவுசெய்வது. முதியவர் ஒருவர் அதை அறியாமல் எழுதினால் சினம் வேண்டா. சரியான சொல்லை எடுத்துச் சொன்னால் போதும்.

மேலே காட்டிய வரியில் 'நம்' என்னும் சொல் இருமுறை வந்ததைக் கவனித்திருப்பீர்கள். இக்கட்டுரையின் நடுநரம்பு அதுதான். தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. இலங்கைத் தமிழர் சிங்களத்தில் எழுதும்போதும் 'அபி' என்னும் ஒரே சொல்லில் இரண்டும் கரைந்துபோகும். வியப்பு என்னவெனில், நமக்கு எவ்வகையிலும் இனமல்லாத மலாயில் இவ்வேறுபாடு அப்படியே இருக்கிறது: 'கித்தா' என்றால் நாம், 'காமி' என்றால் நாங்கள். இலக்கணம் இவ்வளவு அழகாகப் பொருந்தும்போது மொழிபெயர்ப்பு எளிதென்று தோன்றும். உண்மையில் இங்கேதான் அது கடினம். ஏனெனில், தமிழ் அறிவிப்பின் 'நம்' தமிழரை நோக்கிச் சொன்னது. அதே தாளின் மலாய்ப் பகுதியைப் படிப்பவர் மலாய்க்காரர். 'நம் ஆலயம்' என்பதை 'குஇல் கித்தா' என்று எழுதினால், 'இது உமக்கும் கோயில்' என்று ஓர் இசுலாமியரிடம் சொன்னதாகும். அவர் மனம் புண்படும். நாம் சொல்ல நினைத்ததும் அதுவன்று. 'நம் சாலை' என்பதை 'ஜாலான் காமி' என்று எழுதினால், அவர் பாட்டன் காலத்திலிருந்து நடந்த சாலையிலிருந்து அவரை வெளியே தள்ளியதாகும்.

ஒரே தமிழ்ச் சொல்லை ஒரே வரியில் இரண்டாகப் பிளந்தேன்: 'குஇல் காமி', 'ஜாலான் கித்தா', எங்கள் ஆலயம், நம் சாலை. சொல்லுக்குச் சொல் நேர்மை பார்க்கும் ஆசிரியர் இதைப் பிழை என்பார். மூலத்தில் ஒரு சொல் இருக்க, பெயர்ப்பில் இரண்டு எப்படி என்பார். மூலத்தின் 'நம்' யாரை உள்ளடக்குகிறது என்பதை எழுதியவரே எண்ணிப் பார்க்கவில்லை என்பதுதான் என் விடை. எண்ணிப் பார்த்திருந்தால் தமிழிலும் அவர் பிரித்தே எழுதியிருப்பார்.

இதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. அறிவிப்பின் இறுதியில் 'அம்மனுக்குப் படைத்தபின் அன்னதானம் வழங்கப்படும். இன மத பேதமின்றி அனைவரும் வருக' என்று இருந்தது. நல்லெண்ணத்தோடு எழுதிய வரி. இளம் ஆசிரியர் ஒருவர் இதை மலாயில் பெயர்த்து என்னிடம் காட்டினார். 'ஜாமுவான்' என்னும் விருந்துச் சொல்லை இட்டு, உணவு சைவம் என்றும் தெளிவாகச் சொல்லி, அனைவரையும் அழைத்திருந்தார். 'அம்மனுக்குப் படைத்தபின்' என்னும் தொடரை மட்டும் விட்டுவிட்டார். காரணம் கேட்டேன். "அதை எழுதினால் அவர்கள் வரமாட்டார்கள், ஐயா" என்றார்.

அவர் சொன்ன காரணமே அத்தொடரை எழுத வேண்டியதற்கும் காரணம். தெய்வத்துக்குப் படைத்த உணவை உண்பது இசுலாமியருக்கு ஆகாது. இறைச்சி இல்லை என்பதை மட்டும் சொன்னால், தடையேதும் இல்லை என்று நம்பி ஒருவர் வந்து உண்பார். பின்னர் தெரிய வரும்போது அவர் தம் நெறிக்கு மாறாக நடந்துவிட்டதை எண்ணி வருந்துவார். நாம் அவரை அன்பினால் அழைத்து, அறியாமையில் நிறுத்தினோம் என்றாகும். ஆகவே இரண்டே வழிகள்: படையல் என்பதை வெளிப்படையாக எழுதி, முடிவை அவரிடம் விடுவது, அல்லது படைக்காத உணவை வேறாகச் சமைத்து வழங்குவது. குழுவினர் இரண்டாவதற்கு வசதியில்லை என்றனர். எனவே 'சடங்கில் படைக்கப்பட்ட உணவு' என்று மலாயில் தெளிவாக எழுதி, அழைப்பையும் வைத்துக்கொண்டோம். கம்பத்திலிருந்து சிலர் வந்தனர், உண்ணவில்லை, கட்டிக் கொடுத்த புட்டித் தண்ணீரும் பழமும் வாங்கிக்கொண்டு சற்று நேரம் பேசியிருந்துவிட்டுச் சென்றனர். ஐவரோ அறுவரோதான்.

அந்த இளம் ஆசிரியர் ஒரு தொடரைக் குறைத்தார். நானோ ஒரு தொடரைக் கூட்டினேன். அதையும் சொல்ல வேண்டும். மலாய் அறிவிப்புகளில் 'செகாலா கெசுலித்தான் அமாட் டிகெசாலி' என்று ஒரு வாய்பாடு உண்டு. நேரும் இடையூறுகள் அனைத்துக்கும் வருந்துகிறோம் என்பது பொருள். அது இல்லாத அறிவிப்பு மொட்டையாகத் தோன்றும். தமிழ் மூலத்தில் அப்படி ஒரு வரி இல்லை. நான் சேர்த்ததைக் கண்ட குழுத் தலைவர், வயதில் என்னினும் மூத்தவர், "நாம் என்ன தப்புச் செய்தோம், மன்னிப்புக் கேட்க?" என்றார். வருந்துதல் வேறு, மன்னிப்பு வேறு என்று விளக்கினேன். 'டிகெசாலி' என்பது நேர்ந்ததற்கு வருந்துதல். 'மாஆஃப்' என்பதுதான் குற்றத்தை ஏற்று மன்னிப்புக் கேட்டல். அவர் விடவில்லை. "வருத்தம் உண்மையாக இருந்தால் அதைத் தமிழில் ஏன் எழுதவில்லை? நம் ஆட்களுக்குத் தெரியாமல் அவர்களிடம் மட்டும் வருந்துவது என்ன நியாயம்?" என்றார்.

அக்கேள்வி என்னை வாயடைத்தது. பயிற்சிக் கல்லூரியில் மொழிபெயர்ப்பு பற்றி நான் கேட்ட விரிவுரைகளில் எதுவும் இவ்வளவு தெளிவாக அதைச் சொன்னதில்லை. தமிழ்ப் பகுதியிலும் 'இடையூறுக்கு வருந்துகிறோம்' என்று சேர்த்தோம். சாலையோரத்தில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்கள் வீட்டிலும் கைக்குழந்தைகளும் நோயாளிகளும் உண்டு. அவ்வருத்தம் அவர்களுக்கும் உரியதே.

அதன்பின் நான் ஒரு சோதனையைக் கைக்கொண்டேன். மலாய்ப் பகுதியை எழுதி முடித்ததும், மூலத்தை மறைத்துவிட்டு, மலாயை மீண்டும் தமிழாக்கிக் குழுவினர் முன் உரக்கப் படிப்பேன். சொல் மாறியிருப்பதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. 'இதை நாம் சொல்லவில்லையே' என்றோ, 'அதை ஏன் விட்டீர்' என்றோ எவரேனும் சொன்னால் அங்கே நின்று ஆராய்வோம். பெரும்பாலும் ஒரு கால் மணி நேரம் போதும். இச்சோதனைக்கு ஓர் எல்லையுண்டு: மேடையில் அமர்ந்திருப்போர் அனைவரும் நம்மவர். அவர்கள் அனைவருக்கும் கூச்சம் ஒரே இடத்தில் இருந்தால், எவரும் அந்த இடத்தில் வாய் திறக்கமாட்டார்.

அப்படியும் நேர்ந்தது. தமிழ் அறிவிப்பில், 'மது அருந்திவிட்டு வருவோர் ஆலய வளாகத்திலும் ஊர்வலத்திலும் அனுமதிக்கப்படமாட்டார்கள்' என்று ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது. மலாயில் அதை நான் எழுதவில்லை. குழுவினரும் கேட்கவில்லை. அயலாரிடம் நம் வீட்டுக் குறையைச் சொல்வானேன் என்னும் எண்ணம் எல்லார் மனத்திலும் இருந்தது. ஆகவே எல்லாரும் அமைதியாக இருந்தோம்.

தாள் ஒட்டிய மறுநாள் கடைத்தெருவில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். தமிழ் முஸ்லிம், பல ஆண்டுகளாக மளிகைக் கடை வைத்திருப்பவர். வெள்ளிதோறும் மலாய்க்காரரோடு தொழுபவர். தமிழ் நாளிதழ் வாங்கி வரிவிடாமல் படிப்பவர். எங்கள் ஊரில் அந்தத் தாளின் இரு பக்கத்தையும் முழுதாகப் படிக்கக்கூடிய சிலருள் ஒருவர்.

"வாத்தியாரே, தமிழில் எட்டு வரி, மலாயில் ஏழு வரி. குடி சமாச்சாரத்தை எங்கே விட்டீங்க?" என்றார் சிரித்துக்கொண்டே.

"அது நம் பிள்ளைகளுக்குச் சொன்னது, பாய். அவர்களுக்கு எதற்கு?" என்றேன்.

"ஊர்வலம் அவங்க வாசல் வழியாத்தானே போகுது? குடிச்சவனை நீங்களே நிறுத்தி வைப்பீங்கன்னு தெரிஞ்சா, அவங்க பிள்ளைகளை நிம்மதியா வாசலில் நின்னு பார்க்க விடுவாங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வாடிக்கையாளருக்குச் சர்க்கரை நிறுக்கத் திரும்பிவிட்டார்.

அன்று மாலையே பள்ளிக்குச் சென்று எட்டாவது வரியை மலாயில் எழுதினேன். 'டிலாராங்' என்னும் சொல்லை அவ்வறிவிப்பில் அந்த ஒரே இடத்தில் பயன்படுத்தினேன். நம் ஆலய வளாகத்துக்குள் நம்மவரைத் தடுக்கும் அதிகாரம் நமக்கு உண்டு.